செடிக்குள் தண்ணீர் எப்படி ஏறுகிறது? வேர் தள்ளுகிறதா, இலை இழுக்கிறதா?

செடி எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்று யாரைக் கேட்டாலும், "வேர் உறிஞ்சி மேலே அனுப்புகிறது" என்ற பதில் சட்டென்று வந்துவிடும். வேர் ஒரு பம்பு, தண்டு ஒரு குழாய், இலைகள் வந்த தண்ணீரை வாங்கிக்கொள்ளும் இடம் என்பதுதான் பலர் மனதில் இருக்கும் படம். கேட்பதற்கு நியாயமாகவும் படுகிறது. ஆனால் இலைகளோடு ஒரு கிளையை வெட்டி, தண்ணீர் நிறைந்த பாட்டிலில் நிறுத்திப் பாருங்கள். வேர் கிடையாது. இருந்தாலும் இலைகள் வாடாமல் நிற்கின்றன, பாட்டிலில் தண்ணீர் மட்டமும் இறங்கிக்கொண்டே போகிறது. பம்பைக் கழற்றிய பிறகும் தண்ணீர் ஏறுகிறது என்றால், அதை ஏற்றுவது வேராக இருக்க முடியாது.

ஏற்றுவது இலைதான். அது எப்படி என்பதை முதலில் பார்த்துவிட்டு, அதே வெட்டிய கிளை தண்ணீரை எடுக்கும் வேகத்தை அளக்கும் போட்டோமீட்டர் சோதனைக்குப் போவோம். அந்தக் கருவியைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. அதையும் சரிசெய்துகொள்ள வேண்டும்.

## உறிஞ்சுகுழல் எதுவரை பொருந்தும்?

இலை இழுக்கிறது என்றதும், உறிஞ்சுகுழலில் குடிப்பது போல என்ற ஒப்புமை மனதில் வரும். உறிஞ்சுகுழல் வைத்துக் குடிக்கும்போது நாம் தண்ணீரைப் பிடித்து இழுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் நம் வாய் செய்வது, குழலின் மேல் முனையில் காற்றழுத்தத்தைக் குறைப்பது மட்டும்தான். டம்ளரில் இருக்கும் தண்ணீரின் மேல் வெளிக்காற்று அழுத்திக்கொண்டே இருக்கிறது. மேலே அழுத்தம் குறைந்ததும் அந்த வெளிக்காற்று தண்ணீரைக் குழலுக்குள் தள்ளிவிடுகிறது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. குழலின் மேல் முனையில் காற்றே இல்லாமல் செய்துவிட்டாலும், கடல் மட்டத்தில் வெளிக்காற்றால் தண்ணீரைச் சுமார் 10.3 மீட்டர் உயரத்துக்குத்தான் தள்ள முடியும். அதற்கு மேல் எவ்வளவு பலமாக உறிஞ்சினாலும் பயனில்லை. ஆனால் கலிபோர்னியாவின் கடற்கரைச் செம்மரங்களில் மிக உயரமானது 115 மீட்டரைத் தாண்டி நிற்கிறது, அதன் உச்சி இலைக்கும் தண்ணீர் போகிறது.

ஆக, இந்த ஒப்புமை பாதிதான் பொருந்துகிறது. விசை மேல் முனையிலிருந்து வருகிறது என்பதுவரை சரி. உறிஞ்சுகுழலின் மேல் முனையில் காற்று இருக்கிறது. செடியின் குழாயிலோ வேர் முதல் இலை வரை காற்றே இல்லாமல் தண்ணீர் மட்டும் தொடர்ச்சியாக நிற்கிறது. அங்கே தண்ணீரே நேரடியாக இழுக்கப்படுகிறது. இந்த வேறுபாட்டால்தான் 10 மீட்டர் எல்லை மரத்தைக் கட்டுப்படுத்துவதில்லை.

## வேர் தள்ளுவதே இல்லையா?

தள்ளுகிறது. ஆனால் அது சிறிய விசை, அதுவும் தேவையான நேரத்தில் கிடைக்காத விசை.

வேரின் உயிருள்ள செல்கள் உப்புகளைத் தண்டுக்குப் போகும் குழாய்களுக்குள் சேர்க்கின்றன. உப்பு அதிகமுள்ள பக்கத்துக்கு, நடுவில் இருக்கும் செல்சவ்வைக் கடந்து தண்ணீர் நகரும். இதைத்தான் சவ்வூடு பரவல் என்கிறோம். அப்படி உள்ளே வந்து சேரும் தண்ணீர் உண்டாக்கும் அழுத்தத்துக்கு வேர் அழுத்தம் என்று பெயர். ஈர மண்ணில் வளரும் புல்லின் நுனியில் விடியற்காலையில் முத்து முத்தாக நீர்த்துளிகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை எல்லாமே பனித்துளிகள் அல்ல. இரவில் வேர் அழுத்தம் தள்ளியதால் இலை விளிம்பில் கசிந்த துளிகளும் அவற்றில் உண்டு. பனி இலைப்பரப்பு முழுவதும் படியும். கசிவுத் துளிகள் நரம்பு முடியும் இடங்களில், வரிசையாக நிற்கும். அந்த இடத்தைப் பார்த்தே இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

இந்த அழுத்தம் பொதுவாக 1 அல்லது 2 வளிமண்டல அழுத்த அளவுக்குள்தான் இருக்கும். 10, 20 மீட்டர் உயரத்துக்கு அது தாங்கலாம், 100 மீட்டருக்குத் தாங்காது. ஊசியிலை மரங்களில் இது அரிதாகவே காணப்படுகிறது. இன்னொரு விஷயம், நண்பகலில் செடி மிக அதிகமாகத் தண்ணீர் எடுக்கும் நேரத்தில் வேர் அழுத்தம் இருப்பதே இல்லை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜெர்மனியின் பான் நகரில் பணியாற்றிய தாவரவியலாளர் எடுவர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் இதை மிகத் துணிச்சலான முறையில் சோதித்தார். உயரமான மரங்களை அடியோடு அறுத்து, வெட்டுமுனையை நச்சுக் கரைசலில் நிறுத்தினார். நஞ்சு ஏற ஏற, அடிமரத்தில் இருந்த உயிருள்ள செல்கள் செத்தன. அப்படியும் கரைசல் ஏறுவது நிற்கவில்லை. நஞ்சு இலைகளை எட்டி அவற்றைக் கொன்ற பிறகுதான் ஏற்றம் நின்றது. வேரும் வேண்டாம், தண்டின் உயிருள்ள செல்களும் வேண்டாம், இலைகள் மட்டும் வேலை செய்தால் போதும் என்று அந்தச் சோதனை காட்டியது.

## சைலம்: செத்த பிறகு வேலை செய்யும் குழாய்

தண்ணீர் போகும் அந்தக் குழாய்த் திசுவுக்குப் பெயர் சைலம். இதன் செல்கள் வளர்ந்து, சுவர்களைத் தடித்துக்கொண்டு, பிறகு செத்துவிடுகின்றன. உள்ளே இருந்ததெல்லாம் கரைந்துபோய் வெறும் கூடு மட்டும் மிஞ்சுகிறது. பூக்கும் தாவரங்களில் இந்தக் கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இடைச்சுவர்கள் நீங்கி, நீண்ட குழாய்களாகின்றன. சுவரில் லிக்னின் என்ற விறைப்பான பொருள் படிந்திருக்கும். மரக்கட்டைக்கு உறுதி தருவதும் அதே லிக்னின்தான். குழாய்க்கு அந்த உறுதி ஏன் தேவை என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

இங்கேதான் இரண்டாவது தவறான எண்ணம் வருகிறது: "சைலம் மெல்லிய குழாய், மெல்லிய குழாயில் தண்ணீர் தானாக ஏறும்." ஏறும்தான். தண்ணீர் மூலக்கூறுகள் கண்ணாடி, செல்சுவர் போன்ற வேறு பொருள்களோடு ஒட்டிக்கொள்ளும், இது வேற்றினக் கவர்ச்சி. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது ஓரினக் கவர்ச்சி. இரண்டும் சேர்ந்து மெல்லிய குழாயில் தண்ணீரை ஏற்றுகின்றன. குழாய் எவ்வளவு மெலிகிறதோ அவ்வளவு உயரம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், 0.05 மில்லிமீட்டர் விட்டமுள்ள சைலக் குழாயில் தண்ணீர் இப்படி ஏறக்கூடிய உயரம் 60 சென்டிமீட்டர்தான். ஒரு சிறு செடிக்கு அது போதும், மரத்துக்குப் போதாது.

இதுவரை பார்த்ததில் மூன்று வழிகள் கழிந்துவிட்டன. காற்றழுத்தம் 10 மீட்டரில் நின்றுவிடும், வேர் அழுத்தம் பகலில் காணாமல் போகும், சைலத்தின் மெல்லிய குழாய் ஒரு மீட்டருக்குக்கூடத் தாங்காது.

## இழுப்பு பிறக்கும் இடம்

மெல்லிய குழாயில் தண்ணீர் ஏறும் அந்த விதி பொய்யல்ல. அதைத் தேட வேண்டிய இடம் சைலம் அல்ல, இலையின் உட்புறச் செல்சுவர்.

இலையைக் குறுக்கே சீவி நுண்ணோக்கியில் பார்த்தால், உள்ளே செல்கள் நெருக்கமாக இல்லாமல் இடைவெளி விட்டு நிற்பது தெரியும். அந்த இடைவெளிகளில் காற்று இருக்கிறது. நரம்புகள் கொண்டுவரும் தண்ணீர் செல்சுவர்களுக்குள் பரவி அவற்றை ஈரமாக வைத்திருக்கிறது. செல்சுவர் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். இழைகளுக்கு நடுவே மிகமிக நுண்ணிய இடுக்குகள் உண்டு, ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிற்கிறது.

ஓர் இடுக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதிலிருக்கும் தண்ணீரின் மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் ஆவியாகிறது. மேற்பரப்பு உள்நோக்கிக் குழிகிறது. சுவரோடு ஒட்டிய விளிம்புகள் விட்டுக்கொடுப்பதில்லை, நடுப்பகுதி மட்டும் பின்வாங்குகிறது. குழிந்த மேற்பரப்பு மீண்டும் தட்டையாகப் பார்க்கிறது. தட்டையாக வேண்டுமானால் பின்னாலிருந்து தண்ணீர் வர வேண்டும். ஆகவே அது பின்னால் இருக்கும் தண்ணீரை இழுக்கிறது. அந்தத் தண்ணீர் நரம்பில் இருப்பதை இழுக்கிறது, நரம்பு காம்பை, காம்பு தண்டை, தண்டு வேரை என்று இழுப்பு கீழே இறங்குகிறது. தண்ணீர் மேலே ஏறுகிறது, இழுப்பு மேலிருந்து கீழே பரவுகிறது. இந்த இரண்டு திசைகளையும் மனதில் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்த இழுப்புக்கு எவ்வளவு பலம்? மேலே சொன்ன சைலக் குழாயின் ஆரம் 0.025 மில்லிமீட்டர். செல்சுவர் இடுக்கின் ஆரம் அதில் 500இல் ஒரு பங்கு, அதாவது 0.00005 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய் 500 மடங்கு மெலிந்தால் தாங்கும் உயரமும் 500 மடங்கு கூடும். 60 சென்டிமீட்டர், 300 மீட்டராகிவிடும். உலகின் எந்த மரத்துக்கும் இது தாராளம். அகலமான சைலம் தண்ணீரைத் தடையில்லாமல் கடத்துகிறது, நுண்ணிய செல்சுவர் இடுக்கு அதைத் தாங்கி இழுக்கிறது. ஒரே குழாய் இரண்டு வேலையையும் செய்ய முடியாது, மரம் அதைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. இந்த ஏற்பாட்டை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தணியவில்லை.

இலையிலிருந்து தண்ணீர் இப்படி ஆவியாக வெளியேறுவதற்குப் பெயர் நீராவிப்போக்கு. ஆவியாவதற்கான வெப்பம் பெரும்பாலும் வெயிலிலிருந்து வருகிறது. தண்ணீரைத் தூக்குவதற்காகச் செடி தன் சேமிப்பிலிருந்து எதையும் செலவழிப்பதில்லை.

## இழுத்தால் அறுந்துவிடாதா?

நியாயமான கேள்வி. ஆனால் ஓரினக் கவர்ச்சி நாம் நினைப்பதைவிட வலுவானது. காற்றுக் குமிழி எதுவும் இல்லாமல், குறுகிய குழாய்க்குள் அடைபட்ட தண்ணீர் மிகப் பெரிய இழுவையைத் தாங்கும். 1894இல் டப்ளினைச் சேர்ந்த ஹென்றி டிக்சன், ஜான் ஜோலி இருவரும் மரத்தில் தண்ணீர் ஏறுவதற்கு இதுதான் விளக்கம் என்று முன்வைத்தார்கள். இன்றும் தாவரவியல் ஏற்றுக்கொண்டிருக்கும் விளக்கம் அதுதான்.

உள்ளே இவ்வளவு இழுவை இருப்பதால் குழாயின் சுவர் உள்நோக்கி நசுங்கப் பார்க்கும். லிக்னின் தரும் விறைப்பு இதற்குத்தான் தேவைப்படுகிறது. அப்படியும் மரம் கொஞ்சம் ஒடுங்கவே செய்கிறது. நுட்பமான அளவியை அடிமரத்தில் பொருத்தினால், பகலில் அது மிகச் சிறிதளவு மெலிந்து, இரவில் பழைய அளவுக்குத் திரும்புவதைக் காணலாம். வேர் கீழிருந்து தள்ளிக்கொண்டிருந்தால், தண்ணீர் ஓட்டம் அதிகமாக இருக்கும் பகலில் மரம் பருத்திருக்க வேண்டும். நடப்பது நேரெதிர்.

அறுந்துபோவதும் உண்டு. கடும் வறட்சியில் இழுவை எல்லை மீறினால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும், அந்தக் குழாய் வேலை செய்யாது. பக்கத்துக் குழாய்களோடு இணைக்கும் துளைகளில் மெல்லிய சவ்வு இருப்பதால் காற்று எளிதில் பரவாது, தண்ணீர் வேறு குழாய் வழியாகச் சுற்றிப் போகும். கிளையை வெட்டும்போதும் இதே விபத்துதான் நடக்கிறது. வெட்டிய நொடியில் இழுவையில் இருந்த தண்ணீர் சட்டென்று உள்வாங்குகிறது, வெட்டுவாய் வழியாகக் காற்று நுழைகிறது. போட்டோமீட்டர் சோதனையில் பலர் தோற்பது இந்த ஒரு நொடியில்தான்.

## இலைத்துளை: கதவு மட்டுமே

இலையின் மேற்பரப்பில் மெழுகுப் பூச்சு இருப்பதால் அதன் வழியாகத் தண்ணீர் அதிகம் போகாது. ஆவி வெளியேறும் வழி இலைத்துளைகள். இரண்டு காப்புச் செல்களுக்கு நடுவே இருக்கும் சிறு பிளவுதான் இலைத்துளை. பல தாவரங்களில் இலையின் அடிப்பக்கத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு நூற்றுக்கணக்கில் இருக்கும். எல்லாம் திறந்திருந்தாலும் அவற்றின் மொத்தப் பரப்பு இலைப்பரப்பில் ஓரிரு சதவீதம்தான். ஆனாலும் இலை இழக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அவற்றின் வழியாகத்தான் போகிறது.

"இலைத்துளை தண்ணீரை வெளியேற்றும் உறுப்பு" என்று எழுதப்படுவதைப் பார்க்கிறேன். உண்மையில் அது கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருவதற்கான வழி. ஒளிச்சேர்க்கைக்கு அந்த வாயு வேண்டும், அதற்காகக் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஈரக்காற்று வெளியேறிவிடும். ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறைப் பிடிப்பதற்குள் பல தாவரங்கள் சில நூறு தண்ணீர் மூலக்கூறுகளை இழந்துவிடுகின்றன.

கதவு திறப்பதும் தண்ணீரால்தான். வெளிச்சம் பட்டதும் காப்புச் செல்கள் பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கின்றன, சவ்வூடு பரவலால் தண்ணீரும் உள்ளே வருகிறது. செல்கள் விம்முகின்றன. அவற்றின் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே அளவுக்கு நீள்வதில்லை. துளையை ஒட்டிய பக்கம் தடித்திருப்பதாலும், சுவரைச் சுற்றி இழைகள் ஓடுவதாலும், விம்மிய செல்கள் வெளிப்பக்கமாக வளைந்து நடுவில் பிளவை உண்டாக்குகின்றன. இருட்டினாலோ செடி வாடத் தொடங்கினாலோ தண்ணீர் வெளியேறி, செல்கள் தளர்ந்து, பிளவு மூடிக்கொள்கிறது.

கதவு திறந்திருக்கும்போது ஆவி எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை வெளிக்காற்றின் வறட்சி தீர்மானிக்கிறது. இலைக்குள் இருக்கும் காற்று எப்போதும் ஏறக்குறைய ஈரம் நிறைந்தது. 25 டிகிரி செல்சியஸில் அப்படி நிறைந்த காற்றின் ஒரு கன மீட்டரில் சுமார் 23 கிராம் நீராவி இருக்கும். வெளியே ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் அங்கே 11.5 கிராம். இந்த வேறுபாடுதான் ஆவியை வெளியே நகர்த்துகிறது. வெயில் பட்டு இலை மட்டும் 30 டிகிரிக்குச் சூடானால் உள்ளே 30 கிராமாகிவிடும், வேறுபாடு 11.5இலிருந்து கிட்டத்தட்ட 19ஆக எகிறும். வெறும் ஐந்து டிகிரி, அதற்கே இவ்வளவு மாற்றம்.

சுருக்கமாக: ஆவியாதல் இலையின் செல்சுவரில் இழுப்பை உண்டாக்குகிறது, சைலத்தில் அறுபடாமல் நிற்கும் தண்ணீர் அந்த இழுப்பை வேர்வரை கடத்துகிறது, இலைத்துளை அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது.

## போட்டோமீட்டரைத் தயார் செய்தல்

இனி சோதனை. போட்டோமீட்டர் என்பது வெட்டிய கிளை எவ்வளவு வேகமாகத் தண்ணீரை உள்ளே எடுக்கிறது என்று காட்டும் கருவி. பாடப்புத்தகங்களில் கானாங் போட்டோமீட்டர் என்ற கண்ணாடி வடிவம் வரும். அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 1 மில்லிமீட்டர் உட்துளை விட்டமுள்ள நுண்குழாய், கிளையை இறுக்கமாகப் பிடிக்கும் ரப்பர் குழாய், நடுவில் ஒரு மூன்றுவழி இணைப்பு, அதில் தண்ணீர் நிரப்பிய சிரிஞ்ச், ஓர் அளவுகோல், ஒரு பீக்கர் இருந்தால் போதும். மூன்றுவழி இணைப்பின் ஒரு வாயில் கிளை, இன்னொரு வாயில் நுண்குழாய், மூன்றாவதில் சிரிஞ்ச். நுண்குழாயின் மறுமுனை பீக்கர் தண்ணீருக்குள் இருக்கும்.

கிளையை வெட்டும்போது இலைகள் நல்ல நிலையில் இருக்க வேண்டும். வெட்டியதும் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோய், முனையைத் தண்ணீருக்குள் மூழ்கவைத்து, அங்கேயே இன்னும் சில சென்டிமீட்டரைக் கூர்மையான கத்தியால் சாய்வாக நறுக்கிவிடுங்கள். முதல் வெட்டில் காற்று புகுந்த பகுதி இதனால் போய்விடும். கருவியையும் தண்ணீருக்குள் வைத்தே கிளையைச் செருக வேண்டும். இலைகள் மட்டும் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நனைந்துவிட்டால் ஒற்றித் துடைத்துவிடுங்கள். ஈரமான இலைப்பரப்பில் நீராவிப்போக்கு குறைந்துவிடும். வெளியே எடுத்த பிறகு இணைப்புகளைச் சுற்றி வாசலின் தடவி மூடுங்கள்.

அப்புறம் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கிளை புதிய சூழலுக்குப் பழக 15 நிமிடமாவது கொடுங்கள். பிறகு நுண்குழாயின் முனையைப் பீக்கரிலிருந்து ஒரு கணம் தூக்கி மீண்டும் தண்ணீருக்குள் விட்டால் ஒரு சிறு காற்றுக் குமிழி உள்ளே போகும். கிளை தண்ணீரை எடுக்க எடுக்க, குமிழி கிளையை நோக்கி ஊரும். ஆடாமல் அசையாமல் இருக்கும் ஒரு கிளை கண்ணெதிரே தண்ணீர் குடிப்பதைக் குமிழியின் நகர்வில் பார்க்கலாம். குமிழி அளவுகோலின் முடிவை எட்டினால் சிரிஞ்சை மெல்ல அழுத்தி, அதைத் தொடக்க இடத்துக்குத் திருப்பித் தள்ளிவிடலாம். குமிழி மூன்றுவழி இணைப்புக்குள் போய்விடாமல் கவனியுங்கள்.

## ஒரு கணக்கு

அசையாத காற்றில் குமிழி 60 மில்லிமீட்டர் போக மூன்று முறை அளந்து, சராசரியாக 10 நிமிடம் என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். குழாயின் ஆரம் 0.5 மில்லிமீட்டர்.

கன அளவு = 3.14 × 0.5 × 0.5 × 60 = 47.1 கன மி.மீ.

10 நிமிடத்துக்கு 47.1 என்றால் நிமிடத்துக்கு 4.71 கன மில்லிமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு 283. ஆயிரம் கன மில்லிமீட்டர்தான் ஒரு மில்லிலிட்டர் என்பதால், இந்தக் கிளை ஒரு மணி நேரத்தில் கால் மில்லிலிட்டருக்குச் சற்று அதிகமாகக் குடித்திருக்கிறது.

இப்போது மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் அதே 60 மில்லிமீட்டருக்கு 6 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம், நிமிடத்துக்கு 7.85. இலையை ஒட்டி ஈரக்காற்று ஒரு மெல்லிய படலமாகத் தேங்கியிருக்கும், காற்று வீசினால் அது கலைந்து இலைக்கு அருகிலேயே உலர்ந்த காற்று வந்துவிடுகிறது. கிளையை ஒளிபுகும் பிளாஸ்டிக் பையால் மூடினால் 30 நிமிடம் ஆகலாம், நிமிடத்துக்கு 1.57. பைக்குள் ஈரம் நிறைந்து உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு சுருங்கிவிட்டது. வேரும் இல்லை, கிளையும் அதுவேதான், மாறியது இலையைச் சுற்றியுள்ள காற்று மட்டும். அதற்கு ஏற்றபடி தண்டின் அடியில் தண்ணீர் நுழையும் வேகம் ஐந்து மடங்கு வரை மாறுகிறது. இழுப்பு இலையில் பிறக்கிறது என்பதற்கு மேசைமேல் காட்டக்கூடிய சான்று இது.

இலைத்துளையின் பங்கைப் பார்க்க, இலைகளின் அடிப்பக்கம் முழுவதும் வாசலின் பூசி அளந்து பாருங்கள். அடிப்பக்கத்தில் மட்டும் துளைகள் உள்ள செடியாக இருந்தால் குமிழி வெகுவாக மந்தமாகிவிடும். அதே செடியின் வேறொரு கிளையில் மேற்பக்கம் மட்டும் பூசினால் வேகம் பெரிதாக மாறாது.

இரண்டு கிளைகளை ஒப்பிடும்போது இலைப்பரப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இலைகளை வரைபடத் தாளில் வைத்து ஓரம் வரைந்து கட்டங்களை எண்ணினால் பரப்பு கிடைத்துவிடும். நம் கிளையில் 150 சதுர சென்டிமீட்டர் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மணிக்கு 1.9 கன மில்லிமீட்டர். இன்னொரு கிளையில் குமிழி 8 நிமிடத்திலேயே போய்விட்டது, ஆனால் அதன் இலைப்பரப்பு 220 என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 1.6தான் வருகிறது. குமிழியின் வேகத்தை மட்டும் பார்த்தால் முடிவைத் தலைகீழாக எழுதிவிடுவோம்.

## குமிழி காட்டுவது எதை?

"போட்டோமீட்டர் நீராவிப்போக்கை அளக்கும் கருவி" என்பதுதான் இந்தக் கருவியைப் பற்றி உலவுவதாகத் தொடக்கத்தில் நான் சொன்ன தவறான எண்ணம். அது அளப்பது உள்ளே போகும் தண்ணீரை. வெளியே போவதை அது பார்ப்பதே இல்லை. உள்ளே போனதில் மிகச் சிறு பங்கு ஒளிச்சேர்க்கைக்குச் செலவாகிறது, கொஞ்சம் செல்களில் தங்குகிறது. நலமாக இருக்கும் கிளையில் இரண்டு அளவுகளும் மிக நெருங்கி இருப்பதால் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் வாடிய கிளையைப் பொருத்தினால் அது இழப்பதைவிட அதிகமாகக் குடிக்கும், ஏனென்றால் செல்களை நிரப்பிக்கொள்கிறது. விளக்கை அணைத்த பிறகும் இதேதான். இலைத்துளைகள் மூடத் தொடங்கியும் குமிழி கொஞ்ச நேரம் ஊர்ந்துகொண்டுதான் இருக்கும்.

வித்தியாசத்தைப் பார்க்க ஒரு வழி உண்டு. பீக்கரையும் சேர்த்து மொத்தக் கருவியையும் தராசில் வையுங்கள். பீக்கர் தண்ணீரின் மேல் சிறிது எண்ணெய் விட்டால் அங்கிருந்து ஆவியாகாது. இனி எடை குறைவது முழுக்க இலை வழியாகப் போன தண்ணீர். மேலே பார்த்த கிளையில் ஒரு மணி நேரத்துக்கு 0.28 கிராம்தான் மாற்றம் என்பதால் 0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும்.

## எங்கே தவறும், எப்படித் தெரியும்?

குமிழி நகரவே இல்லை என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். சைலத்தில் காற்று அடைத்திருக்கலாம், அல்லது இணைப்பில் கசிவு இருந்து கிளை அந்த வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டிருக்கலாம். கசிவு என்றால் பெரும்பாலும் ரப்பர் குழாயின் அருகே புதிய குமிழிகள் தெரியும், அதை இறுக்கிக் கட்டி மூடிவிடலாம். அப்படி எதுவும் தெரியாவிட்டால் அடைப்பு என்று சந்தேகித்து, தண்ணீருக்குள் வைத்து முனையை மறுபடி நறுக்கிப் பாருங்கள்.

குமிழி கிளையை விட்டு எதிர்த்திசையில் நகர்ந்தால், கருவி சூடாகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் இருக்கும் சூடான விளக்கோ, குழாயைப் பிடித்த கையோ போதும், உள்ளே இருக்கும் தண்ணீர் விரிந்து குமிழியைத் தள்ளிவிடும். வெளிச்சத்தின் விளைவைப் பார்க்கச் சூடு குறைந்த எல்.இ.டி. விளக்கே நல்லது, இல்லாவிட்டால் வெளிச்சத்தால் வந்த மாற்றமா, சூட்டால் வந்ததா என்று பிரிக்க முடியாது. சந்தேகம் இருந்தால் கிளைக்குப் பதிலாக அதே தடிமனுள்ள கண்ணாடிக் கோலைச் செருகி அளவெடுங்கள். அப்போதும் குமிழி நகர்ந்தால் அந்த நகர்வு செடியால் வந்ததல்ல.

மின்விசிறியை வேகமாக வைத்தால் குமிழி வேகம் கூடாமல் குறைவதும் உண்டு. இலை தாங்க முடியாத அளவு தண்ணீரை இழக்கத் தொடங்கி, இலைத்துளைகளை மூடிக்கொண்டிருக்கும். அந்த அளவீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், காப்புச் செல்கள் வேலை செய்வதை அதுவே காட்டுகிறது.

கிடைக்கும் எண்ணை மண்ணில் நிற்கும் முழுச் செடியின் எண்ணாக எழுதக் கூடாது. மண்ணிலிருந்து வரும் தண்ணீர் வேரின் உயிருள்ள செல்களைக் கடந்து வர வேண்டும், அங்கே தடை அதிகம். வெட்டிய கிளைக்கு அந்தத் தடை இல்லை. ஒரே கிளையை வெவ்வேறு சூழலில் ஒப்பிடத்தான் இந்தக் கருவி உதவும். அதற்கும் ஒரு சரிபார்ப்பு வேண்டும்: விசிறி, பை, விளக்கு எல்லாம் முடிந்த பிறகு, தொடக்கத்தில் அளந்த அதே அசையாத காற்றில் இன்னொரு முறை அளந்துவிடுங்கள். முதலில் 10 நிமிடம் எடுத்த குமிழி இப்போதும் 10 நிமிடத்தை ஒட்டி எடுத்தால், நடுவில் கிடைத்த எண்களை நம்பலாம். 14 நிமிடம் எடுத்தால் சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே சைலத்தின் சில குழாய்கள் அடைபட்டிருக்கக் கூடும், புதிய கிளையை வெட்டித் திரும்பத் தொடங்குங்கள்.